பதினான்கு டிவிஷன்

அறையில் இருந்தவர்கள்:

டொக்டர் ஜமால்தீன். ஆய்வுப் பிரிவின் தலைவர். பிரிவு என்பது பெரிய சொல். பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடையொன்றுக்கு மேலே இரண்டு அறை, ஐந்து கதிரை, ஒரு அலுமாரி.

பர்ஹானா. புள்ளிவிபரவியலாளர். நிரந்தர வேலை கண்டியில். இங்கே வாரத்தில் ஒரு நாள் வருவாள்.

நிரஞ்சன். களப்பணிக்குப் பொறுப்பானவன். தெல்தெனியவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருபவன். இரண்டு பிள்ளைகள்.

லோஜினி. ஆய்வு உத்தியோகத்தர். அந்தத் தோட்டங்களில் ஒன்றில் பிறந்தவள். பந்தியை எழுத வேண்டியவள்.

இல்லாதவர்கள்: கொழுந்து பறிக்கும் பெண்கள். பந்தி அவர்களைப் பற்றியது.

வெளிநாட்டு நிதி நிறுவனமொன்றுக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தில் எல்லாம் முடிந்து ஒரே ஒரு பந்திதான் மிச்சம் இருந்தது. எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பீர்கள், ஏன் அத்தனை பேர் என்று கேட்கும் பந்தி. மாலை ஐந்து மணிக்கு இணையத்தளம் மூடிவிடும். இந்த நிதி வராவிட்டால் மாத முடிவோடு நிரஞ்சனுக்கும் லோஜினிக்கும் சம்பளம் இல்லை. பழைய நிதி முடிந்துவிட்டது, அடுத்தது எதுவும் கண்ணில் இல்லை. டொக்டருக்குப் பல்கலைக்கழகச் சம்பளம் உண்டு. ஆனால் பதினொரு வருடம் கட்டிக் காத்த இரண்டு அறையை அவர் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆய்வு இதுதான். தோட்டத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு இரத்தம் போதாது. டிஸ்பென்சரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். விழுங்கினால் வயிறு எரிகிறது. ஆகவே வாரத்துக்கு இரண்டு நாள், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்திலேயே, சாப்பிட்ட பிறகு, ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க விழுங்க வைப்பது. ஒவ்வொரு தோட்டமும் சில டிவிஷன்களாகப் பிரிந்திருக்கும்; சிலவற்றில் இப்படி, மற்றவற்றில் பழையபடி. எந்த டிவிஷனுக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். ஆறு மாதம் கழித்து எல்லோர் விரலிலும் ஒரு துளி எடுத்து ஹீமோகுளோபினைப் பார்ப்பது.

தோட்ட நிர்வாகம் ஏற்கனவே இரண்டு டிவிஷனில் மடுவத்தில் மாத்திரை கொடுக்க ஆள் வைத்திருந்தது. டொக்டர் பேசிப் பேசி வைக்க வைத்த ஆள். போன கூட்டத்தில் மேலாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: உங்கள் ஆய்வு பயன் உண்டு என்று சொன்னால் எல்லா இடத்திலும் ஆள் வைப்போம். இல்லை என்று சொன்னால் இருக்கிற ஆளையும் எடுத்துவிடுவோம்.

எத்தனை பேரின் விரலைக் குத்துவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எவ்வளவு வித்தியாசத்தைப் பிடிக்க நினைக்கிறோம் என்பது ஒன்று. வித்தியாசம் சின்னதானால் நிறையப் பேர் வேண்டும். பெண்களுக்கிடையில் ஹீமோகுளோபின் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பது இரண்டாவது, அதுதான் நியம விலகல். மூன்றாவது, ஒரே டிவிஷனில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பது. ஒரே பீலித் தண்ணீர், ஒரே டிஸ்பென்சரி, ஒரே கடை. ஒத்திருந்தால் இருபத்தைந்து பேரைக் குத்தினாலும் இருபத்தைந்து பேரின் செய்தி கிடைக்காது. பத்துப் பேரின் செய்திதான் கிடைக்கும். கடைசியாக வலு. உண்மையிலேயே வித்தியாசம் இருந்தால் ஆய்வு அதைக் கண்டுபிடிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பது. எண்பது வேண்டும் என்பது வழக்கம்.

பர்ஹானா காலையில் கணக்குப் போட்டாள். வித்தியாசம் 0.4 கிராம், வேறு இடங்களில் செய்த ஆய்வுகள் அவ்வளவுதான் கண்டிருந்தன. நியம விலகல் 1.0, போன வருடம் அவர்களே நாற்பத்தெட்டுப் பெண்களை வைத்துச் செய்த முன்னோட்டத்தில் கிடைத்தது. டிவிஷனுக்குள் ஒற்றுமை 0.01; அதுவும் முன்னோட்டத்திலிருந்துதான். புது முறை ஒரு பக்கம், பழைய முறை மறு பக்கம்; ஒரு பக்கத்துக்குத் தொண்ணூற்றொன்பது பேர். ஒற்றுமைக்காக 1.24 ஆல் பெருக்கினால் நூற்றிருபத்து மூன்று. நூற்றுக்குப் பதினைந்து பேர் இடையில் விட்டுப் போவார்கள் என்று சேர்த்தால் நூற்று நாற்பத்தைந்து. டிவிஷனுக்கு இருபத்தைந்து பேர் என்றால் ஆறு டிவிஷன். இரண்டு பக்கத்துக்கும் பன்னிரண்டு.

அந்த நிதியில் பதினான்கு டிவிஷன் வரைக்கும் செய்யலாம். அதற்கு மேல் ஒன்றுகூட அடங்காது. அதை டொக்டர் ஏற்கனவே மூன்று விதமாகப் பார்த்துவிட்டார்.

“பன்னெண்டு,” என்றார் டொக்டர். “அல்ஹம்துலில்லாஹ். நிரஞ்சன், கீழ போய் ரோல்ஸ் எடுத்துட்டு வாங்க. எட்டு.”

“நாலு பேருக்கு எட்டா சேர்?”

“எனக்கு நாலு.”

ரோல்ஸ் வந்தது. லோஜினி ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு ஒரு கையால் தட்டினாள். பந்தி ஆங்கிலத்தில். அவளுக்கு அது நன்றாக வரும். எண்களை ஒழுங்காக அடுக்கினாள். சூத்திரம் எது, எந்த மென்பொருள், இரு பக்கச் சோதனை, நூற்றுக்கு ஐந்து பிழை. எல்லாம் முடித்துக் கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். விண்ணப்பத்தில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? அந்த மக்களும் நீங்கள் ஆய்வு செய்யப்போகும் மக்களும் ஒரே மாதிரியானவர்களா?

“நாற்பத்தெட்டுப் பெண்கள், நான்கு டிவிஷன், மடுவத்தில் வைத்து அளந்தது,” என்று எழுதினாள்.

பர்ஹானா அவளுக்குப் பின்னால் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள்.

“மடுவத்துலயா எடுத்தீங்க?”

“ஆமா. அங்கதானே எல்லாரும் வருவாங்க.”

“எல்லாரும் என்டா?”

“எல்லாரும்தான். மத்தியானம் கொழுந்து நிறுக்க வராம எங்க போவாங்க?”

தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கொழுந்து மடுவத்துக்கு எல்லோரும் வருவார்கள். லோஜினி வெளியாளாக இருந்திருந்தால் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டியிருப்பாள். அவளுக்கு இடம் தெரியும். ஆகவே ஒரே நாளில் முடித்தாள். டொக்டர் அப்போது கைதட்டினார்.

“வேலக்கி வராதவங்க?” என்றாள் பர்ஹானா.

“வேலைக்கு வராதவங்க மடுவத்துக்கு வரமாட்டாங்க,” என்றான் நிரஞ்சன். அவன் வாயில் ரோல்ஸ் இருந்தது. “அன்னிக்குப் பேர் போட்டவங்க மட்டும்தான் வருவாங்க. தல சுத்துது, மூச்சு வாங்குதுன்னு வீட்டுல கெடக்கிறவளுக்கு கங்காணி எப்படிப் பேர் போடுவான்?”

அவன் மென்று முடித்தான்.

பர்ஹானா கதிரையில் உட்கார்ந்தாள். “அப்ப நாங்க அளந்தது ரத்தம் இருக்கிறவங்கள மட்டும். வேல செய்ய ஏலுமானவங்க. அவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் ஈப்பாங்க. அதுதான் ஒன்னு.”

“ஆய்வும் மடுவத்துல வேல செய்றவங்கள வெச்சுத்தானே?” என்றார் டொக்டர்.

“இல்ல சேர். நாங்க எழுதி ஈக்கிறது டிவிஷன்ல பதிஞ்ச எல்லாப் பொம்புளைகளும். வராதவங்களுக்கு வீட்டுல போய்க் கொடுக்கிற என்டும் எழுதி ஈக்கி. அவங்களுக்குத்தானே மாத்திர கூடத் தேவ.”

லோஜினிக்கு அன்றைய நாள் நினைவுக்கு வந்தது. அவளுடைய அண்ணி வீரம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டு, ‘எனக்கும் குத்திப் பாரேன்டி’ என்றாள். லோஜினி, ‘உங்க பேரு இன்னிக்கு இல்ல அண்ணி’ என்று சொல்லிவிட்டு மடுவத்துக்கு ஏறினாள். முறைப்படிதான் செய்தாள். பெயர் இருந்தவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்று அவளே விதி வைத்திருந்தாள்.

“நாலு டிவிஷனும் எந்தெந்தத் தோட்டம்?” பர்ஹானா கேட்டாள்.

“ஒரே தோட்டம்,” என்றான் நிரஞ்சன். “பெட்ரோல் எங்க இருந்திச்சு?”

“ஒரே தோட்டம். ஒரே டிஸ்பென்சரி. ஒரே அரிசி.” அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். “அப்ப டிவிஷனுக்கு டிவிஷன் என்ன வித்தியாசம் தெரியும்? ஒன்னும் தெரியாது. அதுதான் 0.01 வந்தது. நாங்க போகப் போறது ஏழெட்டுத் தோட்டத்துக்கு.”

டொக்டர் மேசையைத் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

வேறொரு மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் செய்த கணக்கெடுப்பு ஒன்று பர்ஹானாவிடம் இருந்தது. பல தோட்டங்கள், வேலைக்கு வந்தவர், வராதவர் எல்லோரும். அதில் நியம விலகல் 1.4. ஒற்றுமை 0.05. காலையிலேயே அதைப் பார்த்திருக்கலாம். ஆனால் சொந்த முன்னோட்டம் இருக்கும்போது ஊரான் எண்ணை யார் எடுப்பார்கள்.

அவள் மறுபடி போட்டாள். ஒரு பக்கத்துக்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர். ஒற்றுமைக்காக 2.2 ஆல் பெருக்கினால் நானூற்றிருபத்தைந்து. விட்டுப் போகிறவர்களைச் சேர்த்தால் ஐந்நூறு. இருபது டிவிஷன்.

“ரெண்டு பக்கத்துக்கும் நாப்பது,” என்றாள்.

கீழே கடையில் யாரோ குத்துவிளக்கைத் தட்டிப் பார்த்தார்கள். சத்தம் மேலே வந்தது.

“ஒரு டிவிஷன்ல அம்பது பேர எடுத்தா?” டொக்டர் கேட்டார்.

“முப்பத்திரண்டு. அம்பது பேரு ஈக்கிற டிவிஷன் எத்தன ஈக்கி?”

“எங்க பக்கம் நாலோ அஞ்சோ,” என்றான் நிரஞ்சன். “மத்தவங்க எல்லாம் கொழும்புல வீட்டு வேலைக்குப் போயிட்டாங்க.”

“ஒரு டிவிஷன்ல ஆயிரம் பேரக் குத்தினாலும் ரெண்டு பக்கத்துக்கும் சேத்து இருபதுக்குக் கீழ போகாது சேர். டிவிஷன்தான் கணக்கு. ஆள் இல்ல.”

“ஆள் ஆளாக் குலுக்கினா? ஒரே டிவிஷன்ல பாதிப் பேருக்கு இப்படி, பாதிப் பேருக்கு அப்படி.”

“ஒரே போத்தல் தண்ணிய எட்டுப் பேர் குடிக்கிறாங்க சேர்,” என்றாள் லோஜினி. “மாத்திரைய மட்டும் பங்கு போடமாட்டாங்களா? பக்கத்துல நிக்கிறவளுக்குக் கொடுக்காம ஒருத்தி எப்படி முழுங்குவா?”

“பங்கு போட்டு வித்தியாசம் பாதியாகிச்சு என்டா நாலு மடங்கு ஆள் வேணும்,” என்றாள் பர்ஹானா.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் ஒரு தடவை அளந்து, கடைசி அளவை அதோடு சேர்த்துப் பார்த்தால் சிதறல் குறையும். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் 0.6 தொடர்பு இருந்தால் எண்ணிக்கை நூற்றுக்கு அறுபத்து நான்காக இறங்கும். டொக்டர் நிமிர்ந்தார். லோஜினியும் நிமிர்ந்தாள். பர்ஹானா போட்டாள். பதின்மூன்றும் பதின்மூன்றும் இருபத்தாறு. இரண்டு தடவை அளப்பதற்கான செலவு தனி.

டொக்டர் மறுபடி சாய்ந்தார்.

பர்ஹானா சொன்னாள்: “இது ஆய்வு செய்ற அளவுக்குக் காசு இல்லாத ஆய்வு சேர். சின்னதா, செய்ய ஏலுமா என்டு பாக்கிற ஆய்வாக் கேப்போம்.”

“இவங்க அதுக்குக் காசு தர மாட்டாங்க. முதல் பக்கத்துலயே எழுதி ஈக்கி. முழு ஆய்வு மட்டும்தான்.”

“அப்ப அடுத்த வருசம் வேற எடத்துல கேப்போம்.”

“அடுத்த வருசம்.” டொக்டர் நிரஞ்சனைப் பார்த்தார். “கேட்டிங்களா? அடுத்த வருசம் வரைக்கும் காத்தக் குடிச்சிட்டு ஈங்க.”

நிரஞ்சன் ரோல்ஸ் சுற்றிய தாளை மடித்துச் சின்னதாக்கி, இன்னும் சின்னதாக்கினான்.

டொக்டர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “முன்னோட்டத்துல எவ்வளவு கூடிச்சு?”

யாருக்கும் அந்த எண் மறக்கவில்லை. அந்த நாற்பத்தெட்டுப் பேருக்கும் மடுவத்தில் மாத்திரை கொடுத்து மறுபடி அளந்ததில், மூன்று மாதத்தில் சராசரி 0.7 கூடியிருந்தது.

“0.4ஐ எடுத்துட்டு 0.7 போட்டுப் பாருங்க.”

“சேர், அதுக்கு ஒப்பிட மத்தப் பக்கம் இல்ல,” என்றாள் பர்ஹானா. “முன்ன அளந்தோம், பின்ன அளந்தோம், அவ்வளவுதான். இடையில பூச்சி மாத்திரையும் குடுத்தாங்க. எதால கூடிச்சு என்டு யாருக்குத் தெரியும்?”

“நான் போட்டுப் பாக்கச் சொன்ன. நம்பச் சொல்லல.”

போட்டாள். அறுபத்து மூன்று பேர். 2.2 ஆல் பெருக்கினால் நூற்று முப்பத்தொன்பது. விட்டுப் போகிறவர்களோடு நூற்று அறுபத்து நான்கு. ஏழு டிவிஷன்.

இரண்டு பக்கத்துக்கும் பதினான்கு.

பணத்துக்குள் அடங்கும் எண் அதேதான். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. டொக்டர் திரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. வைத்தியர் ஒருவர் தன்னுடைய எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“எழுதுங்க லோஜினி. 0.7. எங்கட சொந்த முன்னோட்டத்துல கிடைச்சது. பொய் இல்ல. கிடைச்சதுதானே.”

“நிஜத்துல 0.4 தான் என்டா?” என்றாள் பர்ஹானா. அவள் எழுந்து நின்றபடியே இன்னொரு தடவை தட்டினாள். “பதினாலு டிவிஷன வெச்சு அதக் கண்டுபிடிக்க நூத்துக்கு நாப்பதுகூட இல்ல. பத்துத் தடவ செஞ்சா ஆறு தடவ ஒன்னும் வராது. மாத்திர வேல செஞ்சாலும் வராது. காணல என்டு எழுதுவோம். தோட்டத்தாக்கள் அத இல்ல என்டு வாசிப்பாங்க.”

“ஒங்களுக்கு லேசு. கண்டியில ஒரு கதிர ஈக்கி.”

“ஈக்கி சேர். அதுனாலதான் சொல்ல ஏலும்.” அவள் பையை எடுத்தாள். “கோவிக்க வாணாம். என்ட பேர அதுல போடாதீங்க. நாப்பது என்டா நான் கையெழுத்துப் போடுற. இருபத்தாறு என்டாலும் போடுற.”

“பேர் இல்லாட்டி புள்ளிவிபரவியலாளர் யாரு என்டு கேப்பாங்களே.”

“நீங்களும் ரெண்டு கிழமை கோர்ஸ் ஒன்னு செஞ்ச தானே,” என்று சொல்லிவிட்டு அவள் லோஜினியின் தோளைத் தொட்டாள். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. அவளுக்குக் கண்டி பஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று.

மூன்று பேர் மிச்சம். டொக்டர் விண்ணப்பத்தில் பர்ஹானாவின் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதினார். அழிப்பதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

லோஜினி பந்தியைத் திருத்த ஆரம்பித்தாள். எண்களை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வசனங்கள் அப்படியே இருந்தன. 0.4 இருந்த இடத்தில் 0.7. பன்னிரண்டு இருந்த இடத்தில் பதினான்கு. புதிய நியம விலகலுக்குப் பர்ஹானாவின் கணக்கெடுப்பு. படித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. காலையில் எழுதியதைவிட நன்றாக இருந்தது. ஒற்றுமை 0.05 என்று கூடுதலாகப் போட்டிருப்பதால் கவனமாகச் செய்தவர்கள் என்று வாசிப்பவர்கள் நினைப்பார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஆதாரம் இருந்தது. ஒரு வசனத்தைக்கூடப் பொய் என்று சுட்டிக்காட்ட முடியாது.

மூன்று வருடம் கழித்து வரப்போகும் அறிக்கையும் அவளுக்குத் தெரிந்தது. அதையும் அவள்தான் எழுதுவாள். ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.’ அதையும் ஒழுங்காகத்தான் எழுதுவாள். மேலாளர் அதைப் படித்து மடுவத்தில் நிற்கும் ஆளை எடுப்பார். மாத்திரை சாமித் தட்டுக்குத் திரும்பும். இனி யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், அதைத்தான் பார்த்தாயிற்றே என்பார்கள். ஆய்வே செய்யாமலிருந்தால்கூட இரண்டு டிவிஷனில் ஆள் நிற்பான்.

அவள் கடைசியில் ஒரு வசனம் சேர்த்தாள். உண்மையான வித்தியாசம் 0.4 ஆக இருந்தால் இந்த ஆய்வின் வலு நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே. ஆகவே வித்தியாசம் காணப்படாவிட்டால் மாத்திரையால் பயனில்லை என்று கொள்ளக்கூடாது.

டொக்டர் படித்தார். கடைசி வசனத்தில் நின்றார்.

“இது என்ன?”

“உண்மை சேர்.”

“உண்மைதான். இத வாசிச்ச பிறகு எவன் காசு தருவான்?”

“தெரியல.”

“தர மாட்டான்.” அவர் அந்த வசனத்தை மட்டும் அழித்தார். “நான் ஒங்கள விட இருபது வருசம் கூட இந்த வேல செஞ்ச. எல்லாரும் இப்படித்தான் எழுதுற. காசு எவ்வளவு என்டு பாத்து, ஆள் எத்தன என்டு பாத்து, பொறகுதான் வித்தியாசம் எவ்வளவு என்டு பாக்கிற. காசு தாறவனுக்கும் தெரியும். வாசிக்கிறவனுக்கும் தெரியும். ஒங்களுக்கு மட்டும்தான் தெரியாது.”

“தெரியும் சேர்.”

“அப்ப?”

“இது எங்க தோட்டம்.”

“எங்கட தோட்டம், ஒங்கட தோட்டம். மாசம் முடிஞ்சா எங்க போவீங்க? அந்தத் தோட்டத்துக்குத்தானே.”

அவர் அதை வேண்டுமென்றே சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் எடுக்கவில்லை.

நிரஞ்சன் குறுக்கே வந்தான். “லோஜினி, விடும்மா. காசு வரட்டும். வந்த பொறவு இன்னும் கொஞ்சம் தோட்டத்தச் சேத்துக்கலாம். நான் பேசி எடுத்துத் தாறேன்.”

“எதை வெச்சு அண்ணே? பதினாலுக்குத்தான் காசு.”

“ஏதாவது பண்ணலாம்.”

“குலுக்குன பொறவு சேக்க முடியாது. உங்களுக்கும் தெரியும்.”

அவனுக்குத் தெரியும். அவன் மடித்த தாளைக் கூடையில் போட்டான். அது வெளியே விழுந்தது. எடுத்து மறுபடி போட்டான்.

லோஜினி வசனத்தைத் திரும்ப எழுதினாள். டொக்டர் அழித்தார். அவர் கோபப்படவில்லை. திரையின் மூலையில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

“என் பேரையும் எடுத்துருங்க சேர்.”

“பேர எடுத்தா ஆய்வு உத்தியோகத்தர் என்ட வரியும் போகும். அந்த எடத்துக்கு வேற பேர் போடணும். பொறகு உங்கள சேக்க ஏலா.”

“தெரியும்.”

“யோசிங்க.”

“யோசிச்சுட்டேன்.”

யோசிக்கவில்லை. யோசித்தால் அவள் கதிரையில் அமர்ந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். வாடகை அறை, மாதம் முடிந்தால் அண்ணன் வீட்டில் இரண்டு காம்பராவில் ஏழு பேர், காலையில் கங்காணி பெயர் போட வரும்போது போர்வைக்குள் கிடப்பது. படித்த பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் பார்ப்பார்கள். இதையெல்லாம் யோசிக்க இனி நிறைய நேரம் கிடைக்கும்.

அவள் பெயரை எடுப்பதால் ஒன்றும் நிற்கப்போவதில்லை. அதுவும் தெரியும். விண்ணப்பம் போகும். காசு வரலாம். வந்தால் வேறு யாராவது ஒரு பிள்ளை மடுவத்தில் நின்று விரல் குத்துவாள். வித்தியாசம் காணப்படவில்லை என்று வேறு யாராவது எழுதுவார்கள். பத்தில் நான்கு வாய்ப்பு இருக்கிறது, வித்தியாசம் காணப்பட்டாலும் படலாம். அப்போது டொக்டர் சொன்னதுதான் சரி என்றாகும். அவளுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

டொக்டர் அவள் பெயர் இருந்த வரியில் சுட்டியை வைத்தார். காத்திருந்தார். அழித்தார். அந்த இடத்தில் யாருடைய பெயரைப் போடுவது என்று கொஞ்சம் யோசித்தார்.

“நிரஞ்சன், உங்கட முழுப் பேரு என்ன? அடையாள அட்டையில உள்ளபடி.”

நிரஞ்சன் லோஜினியைப் பார்க்காமல் சொன்னான். இரண்டு தடவை சொன்னான்.

அவள் குடையை எடுத்தாள். மேசை லாச்சியில் இருந்த சீப்பையும் ஒரு பனடோல் மாத்திரைக் கார்டையும் பையில் போட்டாள். அவளுடையது வேறு எதுவும் அங்கே இல்லை. நான்கு வருட வேலை எல்லாம் பிரிவின் கணினியில் இருந்தது.

“வாறேன் சேர்.”

“லோஜினி,” என்றார் டொக்டர். அவள் நின்றாள். அவர் திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. “மாசக் கடைசி வரைக்கும் சம்பளம் ஈக்கி. வந்து போங்க.”

“சரி சேர்.”

வரமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

அவள் வாசலைத் தாண்டும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. சத்தமாக இல்லை, வேலை சொல்லும் குரல். “கதவ மூடுங்க நிரஞ்சன். அனுப்பி முடியிற வரைக்கும் யாரும் உள்ள வர வாணாம்.”

நிரஞ்சன் வந்தான். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். “மழ வரும் போல இருக்கு. பாத்துப் போம்மா,” என்றான். அவள் படியில் கால் வைத்தாள். கதவு மூடியது. உள்ளே சாவி இரண்டு தடவை திரும்பியது.